தென்னை மரத்துத் திருடன்: நீள வடிவமும் வெட்டிய வடிவமும்

முதல் வடிவம்:

"கோபிப் பக்கம் எல்லோரும் மரியாதையாகப் பேசுவார்கள் என்பது தெரிந்ததே. போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி தேங்காய் திருட ஒருத்தன் எங்கள் தோப்பில் மரம் ஏறிவிட்டான். பெரியப்பா டார்ச் அடித்து, 'ஏனுங்க, யாருங்க மேலே?' என்றார். 'திருடனுங்க' என்று பதில் வந்தது. விழுந்து விழுந்து சிரித்தோம்."

இரண்டாவது:

"கோபிப் பக்கம். நடுராத்திரி தோப்பில் சலசலப்பு. பெரியப்பா டார்ச் அடித்து, 'ஏனுங்க, யாருங்க மேலே?' என்றார். மரத்திலிருந்து பதில் வந்தது: 'திருடனுங்க.'"

செவ்வாய்க்கிழமை போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. பெரிய சேதம் 'தேங்காய் திருட' என்பதில்தான். மேலே இருப்பவன் யாரென்று முன்பே சொல்லிவிட்டால் பெரியப்பாவின் கேள்விக்கு விடை தெரிந்துவிடுகிறது. 'சலசலப்பு' என்றால் மரநாயாகக்கூட இருக்கலாம். மரியாதையைப் பற்றிய முன்னுரையும் அப்படித்தான், சிரிக்க வேண்டிய இடத்தை விரல் நீட்டிக் காட்டிவிடுகிறது.

அடுத்தது கடைசி வாக்கியம். தமிழில் வினை கடைசியில் வருவதால் 'என்று பதில் வந்தது' இயல்பாகவே சிரிப்பு வெடியின் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'பதில் வந்தது' என்பதை முன்னால் தள்ளினால் திருடன் கடைசியில் நிற்பான். சிரித்தோம் என்பது வேண்டவே வேண்டாம், சிரிப்பது வாசகர் வேலை.

ஆனால் கத்தரி 'ஏனுங்க'வைத் தொடக்கூடாது. வெறும் 'யார் மேலே?' என்று கேட்டிருந்தால் 'திருடனுங்க' பாதிதான் சிரிப்பு. கோபியும் இருக்கட்டும், சென்னைக்காரருக்கு அந்தப் பேச்சு எந்த ஊருடையது என்று தெரிய வேண்டுமே.