கிளிக் விலை முதலா, ஓடர் வீதம் முதலா?

யாழ்ப்பாணத்திலிருந்து கறித்தூள், ஒடியல் மா, பனங்கட்டி மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு கொழும்புக்கு 3,200 ரூபாவுக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். கூரியர் செலவும் இந்த விலைக்குள்தான். விளம்பரம் போடுமுன் இரண்டில் ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்பது ஒன்று. நட்டமில்லாமல் இருக்க நூறு கிளிக்குக்கு எத்தனை ஓடர் வரவேண்டும் என்பது மற்றது. சூத்திரம் ஒன்றுதான்:

```
அதிகபட்ச கிளிக் விலை = ஓடருக்கு மிஞ்சுவது × ஓடர் வீதம்
நட்டமில்லா ஓடர் வீதம் = கிளிக் விலை ÷ ஓடருக்கு மிஞ்சுவது
```

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கிளிக் என்ன விலைக்கு வருகிறது என்பது ஓரிரு நாளில் தெரிந்துவிடும். ஓடர் வீதம் அப்படியல்ல. 500 கிளிக்குக்கு 10 ஓடர் வந்தால் 2 வீதம் என்று எழுதிவைப்போம். உண்மையான வீதம் 1 ஆகவும் இருக்கலாம், 3.5 ஆகவும் இருக்கலாம். அதை நம்பி விலை வரம்பு வைப்பது குருட்டுக் கணக்கு. நூறு ஓடரைத் தாண்டிய பிறகு முதலாவது முறைக்கு மாறலாம்.

எந்த முறையை எடுத்தாலும் ‘மிஞ்சுவது’ பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். சரக்கு 1,500, பெட்டி 100, கூரியர் 500 போக 1,100 ரூபா மிஞ்சுகிறது. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பார்சல் கைக்கு வந்ததும் காசு கொடுக்கும் ஓடர்களில் ஒரு பங்கு திரும்பி வரும். நூற்றுக்கு 15 திரும்பினால், ஒவ்வொன்றிலும் கூரியரும் பெட்டியுமாக 600 ரூபா போகிறது. சரக்கு பழுதில்லாமல் வந்தால்தான் இந்த அளவு. திருப்பி அனுப்பக் கூரியர் தனியாக அறவிட்டால் அதையும் கூட்டவேண்டும். 85 ஓடரில் 93,500 வரும், 15 ஓடரில் 9,000 போகும். ஆக, பதிவான ஓடர் ஒன்றுக்கு மிஞ்சுவது 845 ரூபாதான்.

கிளிக் 25 ரூபா என்றால், 1,100ஐ வைத்துப் பார்க்கையில் 2.3 வீதம் போதும் போலத் தெரியும். உண்மையில் வேண்டியது ஏறத்தாழ 3 வீதம், அதாவது 34 கிளிக்குக்கு ஓர் ஓடர். முதலாவது முறையிலும் இதே பொறிதான்: 2 வீதம் உறுதியாக வருகிறது என்றாலும் வரம்பு 22 ரூபா அல்ல, 16.90. 20 ரூபாவுக்குக் கிளிக் வாங்குபவர் இலாபம் என்று நினைத்துக்கொண்டே 1,000 கிளிக்கில் 3,100 ரூபாவை இழப்பார். விளம்பரக் கணக்கு பதிவான ஓடரைத்தான் காட்டும், திரும்பியதைக் காட்டாது. ஓடர் வீதத்தைக் கைசேர்ந்த பார்சலை மட்டும் எண்ணிப் போடுபவர் கவனிக்கவேண்டும்: 845ஐ அதோடு பெருக்கினால் திரும்பியவை இருமுறை கழிந்துவிடும்.

வட்ஸ்அப்பில் வரும் ஓடர்களைக் கையால் எண்ணிச் சேர்க்கவேண்டும். திரும்பத் திரும்ப வாங்குபவர்களை இதில் சேர்க்கவில்லை; அவர்கள் நிறைய இருந்தால் வரம்பைச் சற்று உயர்த்தலாம், எவ்வளவு என்பதை உங்கள் பழைய ஓடர்ப் பதிவுதான் சொல்லும்.

நட்டமில்லா வீதத்தை முதலில் பார்ப்பதில் இன்னொரு வசதி, எப்போது நிறுத்துவது என்பதும் அதிலேயே கிடைத்துவிடும். தேவை 3 வீதம் என்றிருக்க, 100 கிளிக்கில் ஒரு ஓடரும் வரவில்லையா? 3 வீதம் உள்ள விளம்பரத்துக்கு அப்படி நேர நூற்றில் ஐந்து வாய்ப்புத்தான். அந்த விளம்பரத்தை நிறுத்தி, படத்தையோ விலையையோ மாற்றுங்கள்.