"விரைவில்..." என்பதா, தினம் ஒரு துப்பா?

கும்பகோணத்தில் என் அத்தான் காபித்தூள் கடை போடுகிறார். கொட்டையை வறுத்து, கேட்டவர் கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கும் கடை. ஆடி முடிந்து ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறப்பு. அதற்கு முந்தைய ஐந்து நாளும் ஷட்டர் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்து தினம் ஒரு வரி எழுதுவது, அதையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடுவது என்று முடிவாகிவிட்டது. என்ன வரி எழுதுவது என்பதில்தான் வீட்டுக்குள் மூன்று கட்சி.

அத்தானின் மகன் எழுதிய வரிசை இது: "விரைவில்...", "குடந்தையே காத்திரு!", "யார் இவர்?", "நாளை தெரியும்", "வந்துவிட்டோம்!" படிக்க விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இது பெரிய விளம்பரத்துக்குச் சரி, தெருவுக்குச் சரிவராது. உள்ளே தச்சர் அலமாரி அடித்துக்கொண்டிருக்கிறார். டெம்போவில் வந்து அரவை மெஷின் இறங்குவதை எதிர்வீட்டுத் திண்ணை பார்த்துக்கொண்டே இருக்கிறது. "என்ன கடைங்க?" என்று ஒருவர் கேட்டால் தச்சர் மறைக்கவா போகிறார்? இரண்டாம் நாளே தெருவுக்கு விஷயம் தெரிந்துவிடும். அப்புறம் மூன்றாம் நாள் "யார் இவர்?" என்று பலகை கேட்டால், பதில் தெரிந்தவர்களிடமே கேள்வி கேட்டது போல ஆகிவிடும். அந்த ஐந்து வரியையும் செருப்புக் கடைக்கோ செல்போன் கடைக்கோ அப்படியே எடுத்து வைக்கலாம் என்பது இன்னொரு குறை.

இரண்டாவது, "இன்னும் 5 நாள், இன்னும் 4 நாள்" என்று எண்ணிக்கொண்டு வருவது. இது எனக்குப் பயமாகவே இருந்தது. மெஷினுக்கு மும்முனை மின்இணைப்பு ஒரு நாள் தள்ளிப்போனால் பலகை பொய்யாகிவிடும். திறக்கும் முன்பே வாக்குத் தவறிய கடை என்று பேர் வாங்க வேண்டாம்.

மூன்றாவது, நான் எழுதிய துப்பு வரிசை. என்ன கடை என்பது தெருவில் ரகசியமாக நிற்காது. இந்தக் கடையில் என்ன விசேஷம் என்பது நிற்கும். அதனால் முதல் நாள் எல்லோருக்கும் இடம் கொடுக்கும் கேள்வி: "காலையில் எழுந்ததும் முதலில் எதைத் தேடுவீர்கள்?" மூக்குக்கண்ணாடி, செல்போன், பேப்பர் என்று ஆளுக்கொரு பதில் வரும். இரண்டாம் நாள்: "கண்ணுக்கு முன்னால் மூக்கு கண்டுபிடிக்கும்." இதில் பதில் பாதியாகக் குறையும். மூன்றாம் நாள் இரண்டே சொல்லோடு நிறுத்தினேன்: "எவ்வளவு கலக்கட்டும்?"

இந்த வரியில் அத்தான் கொஞ்சம் தயங்கினார். பாலில் தண்ணீர் கலப்பதாக யாராவது நினைத்துவிட்டால்? நினைக்கட்டும் என்றேன். ஒரு நாள்தான். மறுநாள் பதில் வந்துவிடும்: "சிக்கரி எவ்வளவு? நீங்கள் சொல்வதுதான் அளவு." இந்த இடத்தில் "கும்பகோணத்தின் சுத்தமான காபி" என்று எழுதலாமே என்று மகன் கேட்டான். சுத்தம் என்றால் சிக்கரியே இல்லை என்று ஒருவர் எடுத்துக்கொள்வார். காபி சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, பாக்கெட்டில் இரண்டின் சதவீதமும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். பலகையில் ஒன்று, பாக்கெட்டில் வேறொன்று என்று ஆகக் கூடாது. எண்பதுக்கு இருபது வேண்டுமா, சிக்கரியே வேண்டாமா என்று வாங்குகிறவர் சொல்வது மற்ற கடைகளிலும் உண்டுதான். ஆனால் திறப்பதற்கு முன்பே அதைக் கேட்கும் கடை, படிக்கிறவரைத் தன் வீட்டு டபராவை நினைக்க வைக்கும்.

நான்காம் நாள் மாலையில்தான் முதல் சோதனை வறுவலும். வாசனை தெருக்கோடி வரை போகும்போது பலகையில் அந்த வரி இருக்க வேண்டும். அதற்கு முன்பே வறுத்துவிட்டால் மூன்று நாள் துப்பும் வீண்.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். இரண்டாம் நாளைத் தவறவிட்டவருக்கு மூன்றாம் நாள் புரியாது. அதனால் பலகையில் பழைய வரிகளை அழிக்காமல் கீழே சின்ன எழுத்தில் விட்டுவைக்கச் சொன்னேன். புது வரி விடியற்காலை ஐந்தரைக்குள், பால் வாங்கப் போகிறவர்கள் கடக்கும் முன் ஏறிவிட வேண்டும். துப்பு வரியும் நான்கைந்து சொல்லுக்குள் இருந்தால்தான் சைக்கிளில் போகிறவர் இறங்காமல் படிக்க முடியும்.

எது வேலை செய்கிறது என்பதை வருகிற கேள்வியை வைத்தே கண்டுபிடிக்கலாம். "என்ன கடை?" என்று கேட்டால் பலகையை அவர் படிக்கவில்லை. "சிக்கரி இல்லாமல் கால் கிலோ கிடைக்குமா?" என்று ஷட்டரைத் தட்டினால் படித்திருக்கிறார்.

ஐந்தாம் நாளுக்கு எந்தப் புதிரும் வைக்கவில்லை: "நாளை காலை 6 மணி. டப்பா கொண்டு வாருங்கள், அரைத்துத் தருகிறோம்." மின்இணைப்பு வந்து மெஷின் ஒரு முறை ஓடிய பிறகே இதை எழுத வேண்டும் என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். தாமதமானால் நான்காம் நாள் வரி இன்னொரு நாள் நின்றாலும் யாருக்கும் உறுத்தாது.