கண்புரை அறுவைக்குப் போகிறீர்களா? லென்ஸ் ஸ்டிக்கரை வாங்காமல் படி இறங்காதீர்கள்

நான் தஞ்சாவூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கிளையில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மற்றவர்களின் பயணப் பில்லில் தேதி இல்லை, கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்புவதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட நானே அம்மாவின் கண் அறுவைச் செலவைத் திரும்பப் பெறுவதற்குள் நாக்குத் தள்ளிப் போனேன். அதில் பாதி என் அவசரம், மீதி அந்த மருத்துவமனையின் வேலை. ஊரையும் பெயரையும் எழுதப் போவதில்லை. காவிரிக் கரையோரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆறே படுக்கைகளோடு இருக்கும் சின்ன மருத்துவமனை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. கும்பகோணம் போக வேண்டியவள் போர்டு தெரியாமல் சீர்காழி பஸ்ஸில் ஏறி மயிலாடுதுறையில் இறங்கி எனக்குப் போன் செய்தபோதுதான், இனித் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவெடுத்தேன். எங்கள் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் பெற்றோருக்கும் இடம் உண்டு, கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 40,000 ரூபாய் வரை. அந்த மருத்துவமனையில் பணமில்லாச் சிகிச்சை வசதி கிடையாது. நாம் கட்டிவிட்டு, பிறகு அலுவலகப் போர்ட்டலில் பில்களை ஏற்றி வாங்கிக்கொள்ள வேண்டும்.

காலையில் போனோம், அறுவை முடிந்து மாலை நான்கு மணிக்கு வீட்டில் இருந்தோம். கையில் கிடைத்தது ஒரே ஒரு தாள். அதில் ‘கண்புரை பேக்கேஜ் – 42,000’ என்று ஒரு வரி, கீழே ரப்பர் முத்திரை. பில் எண் இல்லை. பணம் கட்டியதற்குத் தனி ரசீதும் இல்லை. அலுவலகத்தில் யாராவது அப்படி ஒரு தாளைக் கொண்டுவந்தால் அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன். அம்மா கண்ணில் கட்டோடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்ததால் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதல் தப்பு என்னுடையது. போர்ட்டலில் செலவின் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடத்தில் `IPD`, `Day Care`, `OPD`, `Pre Hospitalisation`, `Post Hospitalisation` என்று வரிசையாக வந்தன. அம்மா ஒரு இரவுகூடத் தங்கவில்லையே, அப்படியானால் வெளிநோயாளிதானே என்று `OPD`ஐ அழுத்தி, அறுவைக்கு முந்திய வாரம் எடுத்த பரிசோதனை, அறுவை, சொட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக ஏற்றிவிட்டேன். இரண்டாம் நாளே நிராகரிப்பு வந்தது. எங்கள் பாலிசியில் வெளிநோயாளிச் செலவுக்கு இடமே கிடையாது.

தலைமை அலுவலகத்தில் காப்பீட்டைக் கவனிக்கும் தோழிதான் போனில் விளக்கினாள். முன்பெல்லாம் ஒரு நாளுக்கு மேல் படுக்க வேண்டியிருந்த அறுவை, மருத்துவத் தொழில்நுட்பம் வளர்ந்ததால் 24 மணி நேரத்துக்குள் முடிகிறது என்றால் அது டே கேர். கண்புரை அதற்கு நல்ல உதாரணம். இரவு தங்கினோமா இல்லையா என்பதை மட்டும் வைத்து வெளிநோயாளி என்று முடிவு கட்டக் கூடாது. அறுவை `Day Care`ல் போக வேண்டும். கண்ணின் நீளம் அளந்த ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் அறுவைக்கு முன் 30 நாளுக்குள் எடுத்தவை என்பதால் முன்செலவு வகை. அறுவைக்குப் பிறகு 60 நாள் வரைக்குமான சொட்டு மருந்தும் மறுபரிசோதனைக் கட்டணமும் பின்செலவு வகை. இந்த நாள் கணக்கு எங்கள் பாலிசியில் உள்ளது, உங்களுடையதில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் அறுவைக்கான கோரிக்கை தீர வேண்டும், அதன் எண்ணைக் குறிப்பிட்டுத்தான் முன்செலவையும் பின்செலவையும் ஏற்ற வேண்டும். நிராகரிக்கப்பட்ட பழைய கோரிக்கையின் எண்ணையும் குறிப்புப் பெட்டியில் எழுதச் சொன்னாள். இல்லாவிட்டால் ஒரே பில்லை இரண்டு முறை ஏற்றியதாக எடுத்துக்கொள்வார்களாம்.

சரியான வகையில் ஏற்றினேன். இந்த முறை நிராகரிப்பு இல்லை, கேள்வி வந்தது. செலவைப் பிரித்துக் காட்டும் எண்ணிட்ட பில், பணம் கட்டிய ரசீது, மருத்துவமனை நிரப்பி முத்திரையிட வேண்டிய இரண்டாம் பகுதிப் படிவம், பிறகு லென்ஸ் ஸ்டிக்கர். பதில் தர 15 நாள் கெடு.

லென்ஸ் ஸ்டிக்கர் என்னவென்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் வரும் பெட்டியிலேயே சின்னச் சின்ன ஒட்டுத்தாள்கள் பல இருக்கும். தயாரிப்பாளர், மாடல், பவர், அந்த லென்ஸுக்கு மட்டுமே உரிய வரிசை எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஒன்றை நோயாளியின் கோப்பில் ஒட்டுவார்கள், இன்னொன்றை நோயாளியிடம் கொடுக்க வேண்டும். எந்த லென்ஸ் உள்ளே போனது என்பதற்கு நம்மிடம் இருக்கும் சான்று அதுதான். பின்னால் கண்ணில் ஏதாவது சிக்கல் என்றாலும் வேறு டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

சனிக்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். பில் மேசையில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினான். “அக்கா, பேக்கேஜ் என்றால் ஒரே வரிதான் வரும். ஸ்டிக்கர் எல்லாம் கோப்போடு போய்விடும், வெளியே தருவதில்லை” என்றான். இன்ஷூரன்ஸ் கேட்கிறது என்றதும் குரலைத் தாழ்த்தினான். “1,500 கொடுங்கள் அக்கா, ஃபைல் நானே தயார் செய்து தருகிறேன். ஒரு நாள் அட்மிஷன் போட்டுவிட்டால் கேள்வியே வராது.”

இந்த இடத்தில்தான் பலர் விழுகிறார்கள். ‘அட்மிஷன் போட்டால் சுலபமாகப் பாஸாகும்’ என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் வேரோடிக் கிடக்கிறது. பொய் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பொய்யே கோரிக்கையைக் கொன்றிருக்கும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வரையறைப்படி, பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில், அந்த வரையறை குறிப்பிடும் சட்டங்களின்படி மருத்துவமனையாகப் பதிவாகாத ஓர் இடம் ‘மருத்துவமனை’ என்று கணக்கில் வர உள்நோயாளிப் படுக்கை குறைந்தது பத்து இருக்க வேண்டும். அந்த ஊர் பத்து லட்சத்தின் பக்கத்தில்கூட வராது. டே கேர் மையத்துக்கு இந்தப் படுக்கைக் கணக்கு கிடையாது. முறையான அறுவை அரங்கமும் தகுதியுள்ள டாக்டரும் செவிலியரும் இருந்து, ஆவணங்களை ஒழுங்காக வைத்திருந்தால் போதும். உண்மையை எழுதினால் ஆறு படுக்கை இடத்துக்கும் பணம் வரும். ஒரு நாள் படுக்க வைத்ததாக எழுதினால் ‘இது மருத்துவமனையே அல்ல’ என்ற பதில்தான் வரும். இரண்டாம் பகுதிப் படிவத்தில் படுக்கை எண்ணிக்கையைக் கேட்கும் கட்டமும் இருக்கிறது. அந்தத் தம்பிக்கு இது தெரியுமோ தெரியாதோ, அவனுடைய 1,500 முன்கூட்டியே கைக்குப் போயிருக்கும்.

மறுத்துவிட்டு, மூன்றாம் முறை டாக்டர் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். காகிதத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டேன். அரை மணி நேரத்தில் பிரித்த பில் வந்தது: டாக்டர் கட்டணம் 12,000, அறுவை அரங்கம் 8,000, இறக்குமதி மடிப்பு லென்ஸ் 18,000, மருந்தும் பிற பொருள்களும் 3,000, பதிவும் கோப்பும் 1,000. கூட்டினால் 42,000. கோப்பைத் திறந்து ஸ்டிக்கரையும் நகல் எடுத்துத் தந்தார்கள்.

கணக்குப் பிரிவுக்காரியின் கண் சும்மா இருக்குமா? அங்கேயே நின்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். ஸ்டிக்கரில் பவர் `+21.5 D`. அம்மாவின் ஸ்கேன் தாளிலும் அதேதான். தயாரிப்பாளர் முகவரி மட்டும் இந்தியாவில் இருந்தது. பில்லில் இறக்குமதி, கண்ணில் உள்நாட்டுச் சரக்கு.

உள்நாட்டு லென்ஸ் மட்டம் என்று நான் சொல்லவில்லை. நம் மதுரையில் தயாராகும் லென்ஸ்கள் உலகம் முழுக்கப் போகின்றன. அம்மாவுக்கும் பார்வை பளிச்சென்றுதான் வந்திருக்கிறது. என் சண்டை விலையோடு. டாக்டர் ஸ்டிக்கரைப் பார்த்தார், பில் மேசைத் தம்பியைப் பார்த்தார், “அந்தப் பவரில் இறக்குமதி ஸ்டாக் இல்லாமல் இதை வைத்தோம், பில்லில் மாற்ற விட்டுப்போயிருக்கிறது” என்றார். விட்டுப்போனதா, விடப்பட்டதா, எனக்குத் தெரியாது. லென்ஸ் 9,500 என்று திருத்திய பில், அதாவது 33,500க்கான எண்ணிட்ட பில்லும் ரசீதும் தந்து, 8,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். கேள்வி வந்திராவிட்டால், 40,000 வரை காப்பீடு கொடுத்துவிடும் என்ற தைரியத்தில் நான் அந்த ஒரு வரிப் பில்லைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். அவர்கள் நம்பியிருந்ததும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

மிச்சம் சீக்கிரம் முடிந்தது. 33,500இல் பதிவு, கோப்புக் கட்டணம் 1,000ஐக் கழித்துக்கொண்டு 32,500 வந்தது. அது பாலிசியில் தரப்படாத இனம், சண்டை போட்டுப் பயனில்லை. முன்செலவு 1,850 முழுதாகக் கிடைத்தது. பின்செலவில் மறுபடியும் ஒரு அடி. சொட்டு மருந்துக்கு இரண்டு தாள்கள் வைத்திருந்தேன், 660க்கு ஒன்று, 460க்கு ஒன்று. இரண்டாவதன் தலையில் சின்ன எழுத்தில் ‘எஸ்டிமேட்’ என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. பில் எண்ணும் இல்லை, மருந்தின் பேட்ச் எண்ணும் இல்லை, கடையின் மருந்து உரிம எண்ணும் இல்லை. பில் போட்டுத் தரச் சொல்லி மருந்துக் கடைக்குப் போனால் “அன்றைய கணக்கை முடித்தாயிற்றே” என்றார் கடைக்காரர். 660உம், மறுபரிசோதனைக் கட்டணம் 300உம் வந்தன. 460 போனது போனதுதான்.

மொத்தத்தில் கையை விட்டுப் போனது 1,460 ரூபாயும், மூன்று முறை போய்வந்த பஸ் காசும், இரண்டு நாள் விடுப்பும்.

அம்மாவின் இடது கண்ணுக்கு இப்போது நாள் பார்த்திருக்கிறோம், வேறு ஊரில், வேறு இடத்தில். முன்பணம் கட்டுவதற்கு முன்பே பில் மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்: பிரித்த பில் தருவீர்களா, ஸ்டிக்கர் தருவீர்களா? அவள் இழுப்பறையைத் திறந்து யாருடையதோ ஒரு பில்லை எடுத்து, பெயரை விரலால் மறைத்துக்கொண்டு காட்டினாள். ஓரத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற அம்மா குனிந்து, வலது கண்ணால் அதிலிருந்த எண்ணை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.