நாகை கரையோரத்தில் சார்ட்டும் சின்னப் பாய்ப்படகும்: ஆழ எண்களை எவ்வளவு நம்பலாம்?

நாகப்பட்டினத்துக்கும் கோடிக்கரைக்கும் நடுவே கரையை ஒட்டிச் சின்னப் பாய்ப்படகு ஓட்டுகிறேன். கையில் இருப்பது டேராடூனில் உள்ள தேசிய ஹைட்ரோகிராஃபிக் அலுவலகம் அச்சிடும் காகித சார்ட், அதாவது கடல் வரைபடம். கூடவே போனில் ஒரு சார்ட் செயலி. இரண்டையும் பல பருவங்கள் பயன்படுத்திய பிறகு, புதிதாகப் படகு வாங்குகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்விக்கு இங்கே பதில் எழுதுகிறேன். சார்ட்டில் போட்டிருக்கும் ஆழத்தை அப்படியே நம்பலாமா?

முதலில் அந்த எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். சார்ட்டின் தலைப்பில் ஆழம் மீட்டரிலா என்று எழுதியிருக்கும், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழைய சார்ட்டுகளில் ஃபாதம் கணக்கு இருக்கும். நம் மீனவர்கள் பாகம் என்று சொல்வதும் ஏறக்குறைய அதே அளவுதான், ஒரு பாகம் சுமார் 1.8 மீட்டர். ஃபாதம் சார்ட்டின் 3-ஐ மீட்டர் என்று நினைத்தாலாவது ஆபத்தில்லை, உண்மையில் ஐந்தரை மீட்டர் தண்ணீர் இருக்கும். கரையில் ஒருவர் “மூணு” என்று பாகத்தில் சொன்னதை மீட்டர் சார்ட்டில் தேடினால்தான் வேறு இடத்தில் போய் நிற்போம்.

மீட்டர் சார்ட்டில் பெரிதாக 1 போட்டு, அதன் வலது கீழ்ப்பக்கம் சிறிதாக 2 இருந்தால் 1.2 மீட்டர் என்று அர்த்தம். 12 இல்லை. ஆடுகிற படகில், தண்ணீர் தெளித்த காகிதத்தில் இந்தச் சின்ன எண் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் நான் போகப்போகும் வழியில் இருக்கும் இப்படிப்பட்ட எண்களைக் கரையில் இருக்கும்போதே பென்சிலால் வட்டம் போட்டுவிடுவேன். எண்ணுக்கு அடியில் கோடு இருந்தால் அது ஆழமே இல்லை. வற்றத்தில் அந்தத் திட்டு எவ்வளவு உயரம் வெளியே தெரியும் என்ற கணக்கு அது.

இந்த ஆழமெல்லாம் எந்த நீர்மட்டத்திலிருந்து அளந்தவை? பெரிய வற்றத்தில் கடல் இறங்கி நிற்கும் மட்டத்தை ஒட்டிய ஒரு தளத்திலிருந்து. ஆகவே சாதாரண நேரத்தில் சார்ட் காட்டுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தண்ணீர் இருக்கும். இங்கே நம் கடற்கரையின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். குஜராத்தில் பாவ்நகர் பக்கம் ஓதம் பத்து மீட்டர் வரை ஏறி இறங்கும். அங்கே சார்ட்டில் காய்ந்த திட்டாக இருக்கும் இடத்தின் மேல், நேரம் பார்த்தால் பெரிய படகே போகலாம். நாகையில் அமாவாசை, பௌர்ணமி ஓதம்கூட முக்கால் மீட்டருக்குள்தான். காத்திருந்தால் தண்ணீர் ஏறிக் காப்பாற்றும் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒருமுறை தரை தட்டினால் ஏற்றம் வந்து தூக்கிவிடும் என்று உட்கார்ந்திருக்கவும் முடியாது.

இன்னொரு பக்கம் பார்த்தால், ஓதம் சின்னதாக இருப்பதால் சார்ட் எண்ணும் உண்மையான ஆழமும் நெருக்கமாகவே இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் தண்ணீர் இல்லை, மணல்.

முகத்துவாரத்தில் இது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் சார்ட்டில் இருப்பதை வைத்து நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஆற்று வாயில் குறுக்கே கிடக்கும் மணல் மேட்டில் சார்ட் 1.2 மீட்டர் காட்டுகிறது. சர்வே ஆஃப் இந்தியாவின் ஓத அட்டவணைப்படி அந்த நேரத்துக்கு 0.4 மீட்டர் ஏற்றம். மொத்தம் 1.6 மீட்டர். நடுப்பலகையைத் தூக்கிவிட்டால் என் படகுக்குச் சுக்கானோடு சேர்த்து 0.5 மீட்டர் தண்ணீர் போதும். 1.1 மீட்டர் மிச்சம் இருப்பதுபோலத் தெரியும்.

இதில் அலையைச் சேர்க்க வேண்டும். அலை உயரம் 0.8 மீட்டர் என்றால், பள்ளத்தில் இறங்கும்போது அதில் பாதி, 0.4 மீட்டர் குறையும். மிச்சம் 0.7. இதுவும் பரவாயில்லை. அடுத்து, அலை அங்கே உடையுமா என்று பார்க்க வேண்டும். தோராயமாக அலை உயரத்தைப்போல 1.3 மடங்கு ஆழத்துக்கு வரும்போது அது உடையும். 0.8 மீட்டர் அலை 1.04 மீட்டர் ஆழத்தில் உடையும். நம்மிடம் 1.6 இருக்கிறது, ஆகவே உடையாமல் கடந்துபோகும். கணக்குப்படி போகலாம்.

ஆனால் போன வாடைக்குப் பிறகு அந்த மேட்டில் 0.6 மீட்டர் மணல் ஏறியிருந்தால்? ஆழம் 1.0 மீட்டர் ஆகிவிடும். பள்ளத்தில் சுக்கானுக்கு அடியில் 0.1 மீட்டர்தான் மிஞ்சும். அதைவிட மோசம், அதே அலை இப்போது மேட்டின் மேல் உடைகிறது. உடையும் அலைக்குள் சின்னப் படகு பக்கவாட்டில் திரும்பினால் கவிழ்ந்துவிடும். ஏற்றம், அலை, படகு தண்ணீருக்குள் இறங்கும் அளவு எல்லாம் நமக்குத் தெரிந்த எண்கள். முடிவை மாற்றியது சார்ட்டுக்குத் தெரியாத மணல் மட்டும்தான்.

டெல்டாவின் ஆறுகள் வருடத்தில் பல மாதம் கடலுக்குத் தண்ணீர் கொண்டுபோவதில்லை. அந்த நாட்களில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வந்து உடைத்துவிடும். உடைத்த இடம் பழைய இடமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அக்கரைப்பேட்டையில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் ஒரு சின்ன ஆற்றின் வாயைப் பற்றிக் கேட்டேன். “தம்பி, வாடை முடிஞ்சதும் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துதான் சொல்ல முடியும். போன வருசம் சொன்னதை இந்த வருசம் கேக்காதீங்க” என்றார். அதே காரணத்தால் நானும் முகத்துவார எண்ணை எச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உள்ளே போவதற்கு முன் வெளியே நின்று அலை எங்கே வெள்ளையாக உடைகிறது, எங்கே உடையாமல் உள்ளே போகிறது என்று சில நிமிடம் பார்ப்பேன். சந்தேகமாக இருந்தால் மீன்பிடிப் படகு ஒன்று வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் போவேன்.

சார்ட்டின் எண் எவ்வளவு பழையது என்று சார்ட்டே சொல்கிறது, பலர் அதைப் பார்ப்பதில்லை. ஓரத்தில் சின்னக் கட்டமாக ஒரு படம் இருக்கும். எந்தப் பகுதியை எந்த வருடம் அளந்தார்கள் என்று அதில் பிரித்துக் காட்டியிருப்பார்கள். சார்ட் அச்சிட்ட வருடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதிதாக அச்சிட்ட தாளில் பல பத்தாண்டு பழைய அளவை இருக்கலாம். நான் பார்க்கும் இரண்டு எல்லைகள் 2004 டிசம்பர் சுனாமியும், 2018 நவம்பர் 16 அன்று நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலும். அதற்கு முந்தைய அளவை என்றால், கரையை ஒட்டிய ஆழம் குறைந்த பகுதிக்கு நான் கூடுதல் இடைவெளி விடுகிறேன். வேதாரண்யம் கரையில் கஜா ஒதுக்கிய சேற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்ற எண்களிலிருந்து வேறுபட்டு மெல்லிய, நிமிர்ந்த எழுத்தில் இருக்கும் ஆழ எண்களும் அப்படித்தான். அவை அவ்வளவு நம்பகமில்லாத மூலத்திலிருந்து எடுத்தவை.

தனி எண்களைவிட ஆழக்கோடுகள் எனக்கு அதிகம் உதவியிருக்கின்றன. சம ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள் இவை, 2, 5, 10, 20 மீட்டர் என்று வரும். விட்டுவிட்டுப் போட்ட கோடு என்றால் தோராயம். நாகையிலிருந்து தெற்கே கரை ஏறக்குறைய நேராகப் போவதால் கோடுகளும் கரையோடு சேர்ந்தே ஓடுகின்றன. வேளாங்கண்ணிப் பக்கம் போகும்போது 5 மீட்டர் கோட்டைக் கைப்பிடிபோல வைத்துக்கொண்டு அதற்கு வெளியே ஓட்டுவேன். ஆழம் 5-ஐ நெருங்கினால் கிழக்கே திருப்புவது, கூடினால் பழைய திசைக்கு வருவது, அவ்வளவுதான். 0.4 மீட்டர் ஏற்றம் இருந்தால் ஆழம் பார்க்கும் கயிற்றில் 5.4 வரும்போதே 5 மீட்டர் கோட்டின் மேல் இருக்கிறோம் என்று கணக்கு.

இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் நமக்கு எவ்வளவு அவகாசம் என்று சொல்லும். 5-க்கும் 2-க்கும் இடையே 600 மீட்டர் இருந்தால், 4 நாட் வேகத்தில் நேராகக் கரையை நோக்கிப் போனாலும் ஐந்து நிமிடம் கிடைக்கும். 150 மீட்டர்தான் என்றால் ஒன்றேகால் நிமிடம். தூரத்தைச் சார்ட்டின் பக்கவாட்டு ஓரத்தில் இருக்கும் அட்சரேகை அளவில் அளக்க வேண்டும், அங்கே ஒரு நிமிடம் ஒரு கடல் மைல். மேல், கீழ் ஓரத்தில் அளந்தால் தப்பு.

கோடிக்கரை முனையில் கரை மேற்கே திரும்பி பாக் நீரிணைக்குள் போகிறது. அதுவரை கரையோடு ஒட்டி வந்த கோடுகள் அங்கே விரிந்து போகின்றன. தரை அவ்வளவு தட்டை. ஆழம் மாறாமலேயே வெகுதூரம் போகலாம் என்பதால், 4 மீட்டர் என்ற எண் நாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்லாது. அங்கே ஆழத்தை விட்டுவிட்டு, கலங்கரை விளக்கத்துக்குத் திசைகாட்டி வைத்துப் பார்ப்பதே சரி.

ஆழம் பார்க்க எக்கோ சவுண்டர் இருந்தாலும் ஈயக்குண்டு கட்டிய கயிறு ஒன்றும் வைத்திருக்கிறேன். மீட்டருக்கு ஒரு துணி முடிச்சு. குண்டின் அடியில் உள்ள குழியில் கிரீஸ் தடவி இறக்கினால், தரையில் இருப்பது ஒட்டிக்கொண்டு வரும். சார்ட்டில் எண்களுக்கு நடுவே எஸ் என்ற எழுத்து இருந்தால் மணல், எம் என்றால் சேறு, எஸ்எச் என்றால் சிப்பி, ஆர் என்றால் பாறை. சார்ட் சேறு என்று சொல்லும் இடத்தில் கிரீஸில் நறநறவென்று மணல் வந்தால், நான் நினைத்த இடத்தில் நான் இல்லை, அல்லது தரை மாறிவிட்டது. எதுவாக இருந்தாலும் அங்கேயே நங்கூரம் போட அவசரப்பட மாட்டேன்.

குறிகளில் ஆரம்பத்தில் கண் பழக வேண்டியவை கொஞ்சம்தான். கூட்டல் குறி தண்ணீருக்கு அடியில் உள்ள பாறை. அதன் நான்கு மூலையிலும் புள்ளி இருந்தால் சார்ட் மட்டத்தில் தண்ணீரோடு தண்ணீராக நிற்கும் பாறை. நட்சத்திரம்போல இருந்தால் மூழ்கியும் தெரிந்தும் வரும் பாறை. எதையாவது சுற்றிப் புள்ளிக்கோடு இருந்தால் கிட்டே போகாதே என்று அர்த்தம். பி.ஏ. என்ற எழுத்துகள் இருந்தால் அது சுமாராக அந்த இடத்தில் இருக்கிறது என்றுதான் பொருள், அதனால் விலகிப் போகும் தூரத்தை இரட்டிப்பாக்குவேன். மீனவர்கள் கட்டிப்போடும் வலையும் மிதவையும் எந்தச் சார்ட்டிலும் இருக்காது, அதற்குக் கண்தான்.

செயலியைப் பற்றி ஒரு குறை, ஒரு நிறை. குறை இதுதான்: விரலால் எவ்வளவு பெரிதாக்கினாலும் அது புதிதாக எதையும் காட்டுவதில்லை. சின்ன அளவீட்டுச் சார்ட்டில் விட்டுப்போன திட்டு பெரிதாக்கியபின்னும் விட்டுப்போனதாகவே இருக்கும், ஆனால் திரை மிகத் துல்லியமாக இருப்பதுபோலத் தெரியும். நீல நிறமும் அப்படித்தான், ஒரு சார்ட்டில் 5 மீட்டரோடு முடியும் நீலம் இன்னொன்றில் 10 வரை போகும். நிறை, நாம் போன தடம் பதிவாகிறது. வாடை முடிந்து முதல்முறை முகத்துவாரத்தைப் பார்க்கப் போகும்போது, கயிற்றில் கிடைத்த ஆழம், நேரம், அன்றைய ஏற்றம் மூன்றையும் எழுதிக்கொள்வேன். வீட்டுக்கு வந்து ஏற்றத்தைக் கழித்து, பென்சிலால் தேதியோடு காகித சார்ட்டில் போடுவேன். பேனா வேண்டாம், அடுத்த தை மாதம் அழிக்க வேண்டியிருக்கும்.