பாஸ்வேர்டை 90 நாளுக்கு ஒருமுறை மாற்றுவதா, கசிந்தால் மட்டும் மாற்றுவதா?

90 நாள் விதி இருக்கும் ஆபீஸில் `Malar#07` என்று வைத்திருப்பவர், கெடு வந்ததும் `Malar#08` என்று மாற்றுவார். சிஸ்டமும் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் அது பெரும்பாலும் பழைய பாஸ்வேர்டுகளை அப்படியே வைக்காமல், அவற்றிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் என்ற குறியீட்டை மட்டுமே வைத்திருக்கும், ஓர் எழுத்து மாறினாலே ஹாஷ் முழுதாக மாறிவிடும். பழையது கையில் இருக்கும் திருடனுக்கோ அடுத்ததை ஊகிப்பது சுலபம். 2010-ல் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தபோது, பழையது தெரிந்தால் சுமார் 17 சதவீதக் கணக்குகளில் ஐந்துக்கும் குறைவான ஊகங்களில் புதியதைப் பிடிக்க முடிந்தது. அதோடு, திருடியவன் 90 நாள் காத்திருக்கவும் மாட்டான்.

இன்னொரு வழி, கசிந்ததற்கு ஆதாரம் கிடைத்தால் மட்டும் மாற்றச் சொல்வது. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி 2017-லேயே இதைத்தான் பரிந்துரைத்தது. இங்கே `Malar#07` முதல் நாளே தாண்டக்கூடாது: நீளம் போதாது என்று சிஸ்டம் திருப்பி அனுப்ப வேண்டும், நீளமாக இருந்தாலும் ஏற்கெனவே கசிந்த பாஸ்வேர்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே ஏற்க வேண்டும். லாகினுக்கு இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும். கசிவு தெரிந்தால் அன்றே மாற்ற வைத்து, திறந்திருக்கும் செஷன்களையும் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவன் உள்ளேயே இருப்பான்.

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் கெடுவை மட்டும் நீக்கிவிட்டு மற்றதைச் செய்யாமல் விடுவது ஆபத்து, திருட்டுப் போன பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாமல் வருடக்கணக்கில் வேலை செய்யும். அப்புறம், பலர் பகிர்ந்துகொள்ளும் கணக்கு இருந்தால், அதில் ஒருவர் வேலையை விட்டுப் போகும் அன்றே மாற்றுங்கள்.