பத்து வட்டியா, அடகா: கைக்கு வந்த பணத்திலிருந்து ஒரு கணக்கு

அத்தைக்கு அவசரமாக 50,000 ரூபாய் தேவைப்பட்டது. மாமாவுக்கு ஆபரேஷன். கழுத்தில் மூன்று பவுன் சங்கிலி கிடந்தது. ஆனால் அவர் போனது பக்கத்துத் தெருவில் வட்டிக்கு விடுபவரிடம்.

"ஏன் அத்தை, சங்கிலிய பேங்க்ல வச்சிருக்கலாமே?" என்று பின்னால் கேட்டேன்.

"வெறுங்கழுத்தோட ஆஸ்பத்திரில நின்னா சம்பந்தி வீட்டுக்காரங்க என்னடா நினைப்பாங்க? இவரு வீட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போயிட்டாரு."

அந்த மானத்துக்கு என்ன விலை என்று பார்ப்போம். பேசியது பத்து வட்டி, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். முதல் மாத வட்டி 5,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 45,000 ரூபாய்தான் கொடுத்தார். வட்டியோ முழு 50,000 ரூபாய்க்கு. கையில் வந்த பணத்தை வைத்துப் பார்த்தால் மாதத்துக்கு 11 சதவீதத்துக்கு மேல், வருஷத்துக்கு 133 சதவீதம். எட்டு மாதத்தில் பிடித்ததும் கட்டியதும் சேர்ந்து 40,000 ரூபாய் வட்டியாகவே போயிற்று. அசல் 50,000 ரூபாய் அப்படியே நின்றது. எழுதாத புரோ நோட்டில் கையெழுத்து, தேதி போடாத ஒரு காசோலை, இரண்டும் அவரிடம்.

கடைசியில் அதே சங்கிலியை வங்கியில் வைத்துத்தான் அந்தக் கடனை அடைத்தோம். வங்கி வட்டி ஆண்டுக்கு ஒன்பதரை சதவீதம். முதல் நாளே அங்கே போயிருந்தால் அந்த எட்டு மாதத்துக்கு வட்டி 3,200 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். மதிப்பீட்டுக் கட்டணம் சில நூறு ரூபாய், அவ்வளவுதான்.

தண்டல் வேறு மாதிரி ஏமாற்றும், ஏனென்றால் அது சின்னதாகத் தெரியும். 10,000 ரூபாய்க் கடன், கையில் 9,000, தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள். "ஆயிரம் ரூபாதானே" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக உங்களிடம் இருக்கும் பணம் நாலாயிரத்து ஐந்நூறு சொச்சம்தான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் என்றால் ஆண்டுக்கு 77 சதவீதம். கையில் 8,500 மட்டும் கொடுத்தால் அது 120 சதவீதத்தைத் தொடுகிறது. கடை வைத்திருப்பவர் காலையில் வாங்கிய காய்கறியை மாலைக்குள் விற்று லாபத்தில் கட்டிவிடலாம். சம்பளக்காரர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இதை வாங்கினால் மூன்றாவது வாரத்திலேயே இன்னொரு தண்டல் தேவைப்படும்.

தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி எல்லாவற்றுக்கும் எதிராக 2003-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அத்தையிடம் இதைச் சொன்னபோது "அவரு வீட்டு விசேஷத்துக்குப் போயிட்டு வந்திருக்கேன்டா" என்றார். புகார் அங்கேயே முடிந்தது.

இனி அடகு. எல்லா அடகும் ஒன்றல்ல. கடைவீதி அடகுக் கடையில் இரண்டு வட்டி, அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம் என்று பேசினால், 50,000 ரூபாய்க்கு ஆறு மாதத்தில் 6,000 ரூபாய் வட்டி. சில கடைகளில் மாதம் முடிந்து மூன்று நாள் போனாலும் முழு மாத வட்டி கேட்பார்கள். வைக்கும்போதே நாள் கணக்கா, மாதக் கணக்கா என்று கேட்டுவிட வேண்டும்.

நகைக்கடன் நிதி நிறுவனங்களில் விளம்பரத்தில் இருப்பது 'மாதம் ஒரு சதவீதத்திலிருந்து' மாதிரி ஒரு எண். சில திட்டங்களில் மாதாமாதம் வட்டி கட்டினால்தான் அந்த விகிதம். மூன்று மாதம் விட்டால் வட்டி படி ஏறும், அதுவும் முதல் நாளிலிருந்து கணக்கிடப்படலாம். கையெழுத்துப் போடும் முன் முக்கிய விவர அறிக்கையைக் கேளுங்கள். கட்டணமெல்லாம் சேர்ந்த ஆண்டு விகிதத்தை அதில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

வங்கியும் கூட்டுறவுச் சங்கமும்தான் மலிவு. ஆனால் மெதுவாக நடக்கும். அத்தையின் சங்கிலியை மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து, ஒரு சொட்டு அமிலம் விட்டு, டாலரில் இருந்த கல்லுக்கும் உள்ளே இருந்த அரக்குக்கும் எடை கழித்தார். 24 கிராம் என்று நாங்கள் கொண்டுபோனது சீட்டில் 22 கிராமுக்குக் கொஞ்சம் மேல் என்று வந்தது. வாங்கியபோது கொடுத்த செய்கூலிக்கு இங்கே மதிப்பே கிடையாது. ஆசைப்பட்டு முழு அளவுக்கும் கடன் கேட்காமல், தேவையான 50,000 மட்டும் வாங்கியது நல்லதாயிற்று. தங்கம் விலை கொஞ்சம் இறங்கினாலும் கூடுதல் நகையோ பணமோ கேட்டு வங்கி கூப்பிடாது.

மலிவான இந்த அடகிலும் ஒரு குழி இருக்கிறது, அதில் விழுபவர்கள் நிறையப் பேர். தவணை முடியும் அந்த நாளில்தான் அது தெரியும். ஒரு வருஷம் முடிந்ததும் பல கிளைகளில் அசலும் வட்டியும் கட்டி நகையை மீட்டு, பிறகு புதிதாக வைக்கச் சொல்கிறார்கள். கையில் காசு இல்லாததால்தானே அடகு வைத்தோம்? ஆகவே வங்கி வாசலுக்கு வெளியே ஒருவர் 'ரெண்டு நாள் பணம்' கொடுக்கத் தயாராக நிற்பார். ஒரு லட்சத்துக்கு 1,500 ரூபாய் கேட்டார் என்று வைத்துக்கொள்வோம். மொத்த வருஷத்தோடு பார்த்தால் அது ஒன்றரை சதவீதம்தான், தாங்கும். ஆனால் மறுநாள் மதிப்பீட்டாளர் விடுப்பு என்றால்? விலை இறங்கிப் புதுக் கடன் குறைவாக வந்தால்? இடைவெளியில் நிற்கும் பணம் பத்து வட்டியாக மாறிவிடும். ரிசர்வ் வங்கி 2025-ல் கொண்டுவந்த விதிகள்படி, கடன் ஒழுங்காக இருந்து, நகை மதிப்புக்குள் அடங்கினால், சேர்ந்த வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்க வங்கி அனுமதிக்கலாம். எல்லா வங்கியும் செய்யும் என்பதில்லை. எனவே வைக்கும் நாளிலேயே "வருஷம் முடிஞ்சா வட்டி மட்டும் கட்டி மாத்திக் குடுப்பீங்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். செல்பேசி எண் மாறினால் கிளையில் சொல்லுங்கள். ஏல அறிவிப்பு பழைய எண்ணுக்கும் பழைய முகவரிக்கும் போய்க்கொண்டிருக்கும்.

நகையைத் தொடாமல் இன்னும் மலிவாகக் கிடைக்கும் வழிகளும் உண்டு. வருங்கால வைப்பு நிதி இருக்கும் சம்பளக்காரர் மருத்துவச் செலவுக்கு முன்பணம் எடுக்கலாம், அது திருப்பிக் கட்ட வேண்டிய கடனே அல்ல. ஓய்வுக்காலச் சேமிப்பு குறையும் என்பதுதான் அதன் விலை. வங்கியில் வைப்பு நிதி இருந்தால் அதை உடைக்காமல் அதன் மேலேயே கடன் வாங்கலாம். வைப்புக்குக் கிடைக்கும் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதல். மகளிர் குழுவில் இருப்பவருக்கு உள்கடன் மாதம் ஒன்று அல்லது இரண்டு வட்டிக்குக் கிடைக்கும். அந்த வட்டியும் குழுவின் சேமிப்பிலேயே சேரும்.

அத்தை வீட்டு பீரோவில் ஒரு எல்.ஐ.சி. பத்திரம் இருந்தது, பதினோரு வருஷம் பிரீமியம் கட்டியது. பாலிசியை இடையிலேயே முடித்தால் கிடைக்கும் சரண்டர் மதிப்பில் தொண்ணூறு சதவீதம் வரை அதன் மேல் கடன் கிடைக்கும், வட்டி வங்கி நகைக்கடனை ஒட்டியே இருக்கும். வட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும், அசலை முதிர்வு வரை விட்டுவைக்கலாம். வட்டியையும் கட்டாமல் விட்டால் கடன் வளர்ந்து பாலிசியையே தின்றுவிடும். "இது மேல கடன் குடுப்பாங்களா?" என்று அத்தை கேட்டது, பத்து வட்டிக்காரருக்குக் கடைசி நோட்டை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம்.