மூன்று தலையங்கமா, ஒன்றா?

ஆங்கிலச் சொல்வளத்துக்காக ஆங்கில நாளிதழில் தினம் மூன்று தலையங்கம் மேலோட்டமாகப் படித்தால் நாட்டுநடப்பு தெரியும், சொற்கள் தங்காது. தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைத் திறந்தால் ஒரு மணிநேரம் போயே போச்சு.

ஒன்றையே இருமுறை படிப்பது மேல். முதலில் அகராதி இல்லாமல் படித்து, ஆசிரியரின் முடிவை ஒரு வரியில் எழுதுங்கள். எழுத வரவில்லையா, வாதம் பிடிபடவில்லை. அப்புறம் அந்த வாதத்தைத் தாங்கும் நான்கைந்து சொற்களுக்கு மட்டும் பொருள் பாருங்கள். ‘மிட்டிகேட்’ என்று தனியாக வேண்டாம், ‘மிட்டிகேட் தி ரிஸ்க்’ என்று தொடராகக் குறியுங்கள்.

கட்டுரை எழுதக் குறிப்பெடுக்கவும் இது உதவும். பிளாஸ்டிக் தடை பற்றிய தலையங்கம் என்றால் மூன்று வரி போதும்: மலிவான மாற்று இல்லாமல் தடை நிற்காது, சிறு வியாபாரிக்குச் செலவு கூடும், உற்பத்தியாளரே குப்பையைத் திரும்பப் பெறட்டும். சுற்றுச்சூழல், தொழில் இரண்டு தலைப்புக்கும் இதே குறிப்பு உதவும்.